‘நான்கு மணி நேரத்துக்குள் பதில்’ என்றால் எப்போது? இணையதளப் பராமரிப்பு ஒப்பந்தம் ஓர் எளிய விளக்கம்

பாளையங்கோட்டையில் ஓர் இனிப்பு, காரக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அல்வா, மிக்சர், காராச்சேவு, முறுக்கு எல்லாம் கடையிலும் விற்கிறது, இணையதளத்திலும் விற்கிறது. தளத்தை உருவாக்கிய நிறுவனம் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்தில் இருக்கிறது. தளத்தை ஒப்படைத்த அன்று கடைக்காரரிடம் அவர்கள் கேட்டிருப்பார்கள்: “அண்ணாச்சி, மாதப் பராமரிப்புத் திட்டம் ஒன்று வைத்திருக்கிறோம். மாதம் மூவாயிரம் ரூபாய். எந்தப் பிரச்சினை என்றாலும் நான்கு மணி நேரத்துக்குள் பதில். எடுத்துக்கொள்கிறீர்களா?”

இந்தக் கேள்விக்குச் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்வதற்கு முன், அந்த நான்கு மணி நேரம் எப்படி எண்ணப்படுகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். நம் ஊர்ப்பக்கம் கடை, பள்ளி, லாட்ஜ், மருத்துவமனை என எல்லோரும் தளம் வைத்திருக்கிறார்கள். பராமரிப்புக்கு மாதாமாதம் பணமும் கட்டுகிறார்கள். ஆனால் அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கும் என்பது பெரும்பாலும் தளம் நின்ற பிறகுதான் தெரிகிறது. அப்போது தெரிந்து பயன் இல்லை.

முதலில் அடிப்படை. ஒப்படைத்த பிறகு தளத்துக்கு என்ன பராமரிப்பு தேவைப்படும் என்று பலருக்குச் சந்தேகம் வருகிறது. தளம் தேய்வதில்லை. ஆனால் அதைச் சுற்றியுள்ளவை மாறிக்கொண்டே இருக்கின்றன. உதாரணமாக, தளம் உருவாக்கப் பலர் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் அமைந்த தளங்கள் இயங்குவது பி.எச்.பி. என்ற மொழியில். அதன் 8.1 பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 டிசம்பர் 31 உடன் நின்றுவிட்டன. அந்தப் பதிப்பில் ஓடும் தளம் மறுநாளும் ஓடும், ஆனால் அதன்பின் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க யாரும் இல்லை. தளத்தின் முகவரி https என்று தொடங்கக் காரணமான சான்றிதழைப் பல தளங்கள் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பின் மூலம் இலவசமாகப் பெறுகின்றன. 90 நாளில் அது காலாவதியாகும். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி வைத்திருந்தாலும், சர்வரில் ஏதாவது மாற்றினால் அது சத்தமில்லாமல் நின்றுவிடும். பிறகு ஒருநாள் வாடிக்கையாளர் தளத்தைத் திறந்தால், இது பாதுகாப்பான இணைப்பு அல்ல என்று பிரவுசர் அவரைத் தடுக்கும். தளத்தில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் பிளகின்களும், வாடிக்கையாளரிடமிருந்து பணத்தைப் பெற்றுத் தரும் பேமென்ட் கேட்வேயும் வாரத்துக்கு ஒன்றாகப் புதிய பதிப்புகளை வெளியிட்டுக்கொண்டே இருக்கும்.

எனவே மாதக் கட்டணத்தில் இரண்டு வகை வேலைகள் இருக்கின்றன. ஒன்று, கேட்காமலேயே செய்ய வேண்டியவை: புதுப்பித்தல், பேக்கப், சோதனை. மற்றொன்று, கேட்டால் செய்பவை: பழுது நீக்குவது, சிறு மாற்றங்கள். மறுமொழி நேரம் என்ற பேச்சு இரண்டாவது வகைக்கு மட்டுமே பொருந்தும். அதில்தான் ஏமாற்றமும் அதிகம் என்பதால் அதையே விரிவாகப் பார்ப்போம்.

2025 தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை வந்தது. நம் கடைக்கு அதற்கு முந்தைய சனிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு ஒரு பிரச்சினை வருவதாகக் கொள்வோம். வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்கிறார். பணம் போய்விட்டது, ஆனால் ஆர்டர் உறுதியானதாகச் செய்தி வரவில்லை என்கிறார். சற்று நேரத்தில் இன்னொருவரும் அதையே சொல்கிறார். கடைக்காரர் தளத்தைத் திறந்து பார்க்கிறார். முகப்பு அழகாகத் தெரிகிறது, பொருள்கள் தெரிகின்றன, எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் இருக்கிறது. உடனே பராமரிப்பு நிறுவனத்துக்குச் செய்தி அனுப்புகிறார்.

ஒப்பந்தத்தில் இருப்பது ‘நான்கு வேலை மணி நேரத்துக்குள் பதில்’. வேலை நேரம் திங்கள் முதல் சனி வரை, காலை 10 முதல் மாலை 6 வரை, பண்டிகை விடுமுறை நீங்கலாக. இப்போது எண்ணுங்கள். சனிக்கிழமை ஐந்தரையிலிருந்து ஆறு வரை அரை மணி நேரம் ஓடுகிறது. ஞாயிறு கணக்கில் இல்லை. திங்கள் தீபாவளி, அதுவும் இல்லை. செவ்வாய் காலை 10 மணிக்கு மீதி மூன்றரை மணி நேரம் தொடங்குகிறது. ஆக, செவ்வாய் மதியம் ஒன்றரை மணிக்குப் பதில் வந்தாலும் நிறுவனம் ஒப்பந்தத்தை மீறவில்லை. கடிகாரப்படி 68 மணி நேரம் ஆகிவிட்டது, தீபாவளி விற்பனையும் முடிந்துவிட்டது. இதில் நிறுவனம் யாரையும் ஏமாற்றவில்லை. எழுதியிருந்ததை இருவரும் வேறு வேறாகப் புரிந்துகொண்டார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. செவ்வாய் ஒன்றரை மணிக்கு வருவது பதில் மட்டுமே, தீர்வு அல்ல. ‘பார்க்கிறோம்’ என்று ஒரு மனிதர் சொன்னால் மறுமொழி நேரத்தின் கடமை முடிந்தது. சில ஒப்பந்தங்களில் ‘உங்கள் புகார் பதிவாகிவிட்டது’ என்று தானாக வரும் மின்னஞ்சலே பதிலாக எண்ணப்படுகிறது. இதை ஒருபோதும் ஒப்புக்கொள்ளக் கூடாது. பிரச்சினையைப் படித்துப் பார்த்த ஒருவர் எழுதுவது அல்லது பேசுவதுதான் பதில் என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

அப்படியானால் ‘நான்கு மணி நேரத்துக்குள் சரிசெய்து தருவோம்’ என்றே எழுதி வாங்கிவிடலாமே என்று தோன்றும். நேர்மையான நிறுவனம் அப்படி எழுதித் தராது. காரணத்தை நம் உதாரணத்திலேயே பார்க்கலாம். பழுது தளத்திலும் இருக்கலாம், தளத்துக்குச் சர்வரில் இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனத்திலும் இருக்கலாம், பேமென்ட் கேட்வேயிலும் இருக்கலாம், வங்கியிலும் இருக்கலாம். கடைசி மூன்றும் நெல்லையில் உட்கார்ந்திருக்கும் நிறுவனத்தின் கையில் இல்லை. எல்லாவற்றுக்கும் தீர்வு நேரம் உறுதியளிப்பவர் ஒன்று தெரியாமல் எழுதுகிறார், அல்லது எழுதியதைக் காப்பாற்றும் எண்ணம் இல்லாமல் எழுதுகிறார்.

கேட்டு வாங்க வேண்டியது வேறு: பதிலுக்கு ஒரு நேரம், தற்காலிக வழிக்கு ஒரு நேரம், தீர்வு வரும்வரை எத்தனை மணிக்கு ஒருமுறை நிலவரம் சொல்வார்கள் என்பது. இந்த மூன்றும் நிறுவனத்தின் கையில் இருப்பவை. அதனால் உறுதி கொடுக்க முடியும்.

தற்காலிக வழி என்பதன் மதிப்பை நம் கடையின் பழுதை வைத்தே பார்ப்போம். வாடிக்கையாளர் பணம் கட்டியதும், பணம் வந்துவிட்டது என்ற செய்தியைப் பேமென்ட் கேட்வே கடையின் தளத்துக்கு அனுப்பும். அதைப் பெற்றுக்கொண்டுதான் தளம் ஆர்டரை உறுதி செய்யும். வெள்ளிக்கிழமை இரவு பாதுகாப்பு பிளகின் ஒன்று தானாகப் புதுப்பித்துக்கொண்டது. புதிய பதிப்பு, வெளியிலிருந்து வரும் அந்தச் செய்தியை யாரோ தாக்குகிறார்கள் என்று எண்ணித் தடுத்துவிட்டது. பணம் கேட்வேக்குப் போகிறது, ஆனால் தளத்துக்குத் தெரியவில்லை. வேர்ட்பிரஸில் கடை நடத்த உதவும் வூகாமர்ஸ் பிளகின் உள்ள தளத்தில் இத்தகைய ஆர்டர்கள் `Pending payment` என்ற நிலையிலேயே நிற்கும். இருப்புக் கணக்கைத் தளமே பார்த்துக்கொள்ளும்படி வைத்திருந்தால், வழக்கமான அமைப்பில் 60 நிமிடம் கழித்து அவை தானாக `Cancelled` ஆகிவிடும். பணம் கட்டியவருக்கு, உங்கள் ஆர்டர் ரத்து என்று தெரிகிறது. கோபம் வருவதில் வியப்பில்லை.

இந்தப் பழுதை அறிய ஒரு எளிய வழி, இரண்டு பட்டியல்களை அருகருகே வைத்துப் பார்ப்பது. கேட்வேயின் பக்கத்தில் பணம் வந்த பட்டியல் இருக்கும், தளத்தில் ஆர்டர் பட்டியல் இருக்கும். அங்கே பணம் வந்த ஆர்டர் இங்கே, பணம் வந்ததைக் காட்டும் `Processing` நிலைக்கு மாறாமல் நின்றால், இடையில் செய்தி போகவில்லை என்று பொருள். கடைக்காரரே இதைப் பார்க்கலாம், நிறுவனத்திடம் இப்படியே சொல்லவும் செய்யலாம். ‘சைட் வேலை செய்யவில்லை’ என்று சொல்வதைவிட இது பல மடங்கு உதவும்.

தற்காலிக வழியும் இங்கேயே கிடைக்கிறது. காரணத்தைக் கண்டுபிடிக்கும்வரை, பணம் வந்த ஆர்டர்களைக் கையால் `Processing` என மாற்றிக்கொண்டே வரலாம். புதிதாக வருபவர்களுக்கு, பொருள் கைக்கு வந்ததும் பணம் தரும் வசதியைத் திறந்துவிடலாம். வூகாமர்ஸில் அந்த வசதி ஏற்கெனவே உள்ளது, அமைப்புகளில் ஒரு சொடுக்கு போதும். நெல்லை, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் எல்லைக்குள் மட்டும் என்று வரையறுத்துக்கொண்டால் கடையின் பையன்களே கொண்டுபோய்க் கொடுத்துப் பணம் வாங்கிவிடுவார்கள். இவ்வளவும் அரை மணி நேர வேலை. உண்மையான காரணத்தைக் கண்டுபிடிக்க மூன்று மணி நேரம் ஆகட்டும், ஞாயிறு விற்பனை தப்பித்தது.

நல்ல ஒப்பந்தம் ஒன்று இருந்திருந்தால் அந்தச் சனிக்கிழமை எப்படி நகர்ந்திருக்கும்? ஐந்தரைக்கு அவசர எண்ணில் அழைப்பு. ஆறு மணிக்குள் பொறுப்பான ஒருவர் திரும்ப அழைத்து, பார்த்ததைச் சொல்கிறார். ஏழு மணிக்குத் தற்காலிக வழி தயார். ஒன்பது மணிக்கு நிலவரம்: பாதுகாப்பு பிளகின்மீது சந்தேகம், சோதித்துக்கொண்டிருக்கிறோம். பத்து மணிக்கு, கேட்வேயின் செய்திக்கு அனுமதி தரப்பட்டு ஆர்டர்கள் தாமாக உறுதியாகின்றன. ஆனால் வேலை அத்துடன் முடியவில்லை. இடையில் ரத்தான ஆர்டர்களைக் கேட்வே பட்டியலோடு ஒப்பிட்டு, எவற்றை உயிர்ப்பிப்பது, எவருக்குப் பணத்தைத் திருப்பித் தருவது என்று கணக்குத் தீர்க்க வேண்டும். தீர்வு என்பதில் இந்தக் கணக்குத் தீர்ப்பும் அடங்கும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அந்த வேலை கடைக்காரர் தலையில் விழும்.

எல்லாப் பிரச்சினைக்கும் இந்த வேகம் தேவையில்லை, அப்படிக் கேட்டால் விலையும் தாங்காது. அதனால்தான் ஒப்பந்தங்கள் பிரச்சினைகளைத் தரம் பிரிக்கின்றன. பலர் இதை ‘அதி முக்கியம், முக்கியம், சாதாரணம்’ என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். எது அதி முக்கியம் என்பதில்தான் சண்டை வரும். எனவே பெயரை எழுதாமல் விளைவை எழுத வேண்டும். யாராலும் வாங்க முடியவில்லை, பணம் கட்டியும் ஆர்டர் பதிவாகவில்லை, வாடிக்கையாளர் விவரம் வெளியே போகிறது: இவை மூன்றும் முதல் தரம். ஒரு பொருளின் விலை தவறாக இருக்கிறது, கூப்பன் ஏற்கவில்லை: இரண்டாவது. படம் மங்கலாக இருக்கிறது, தொடர்பு எண்ணை மாற்ற வேண்டும்: மூன்றாவது. தரத்தை முதலில் சொல்வது கடைக்காரராக இருக்கட்டும், மாற்ற வேண்டுமானால் நிறுவனம் காரணம் எழுதி மாற்றட்டும். எங்கே புகார் சொன்னால் கடிகாரம் ஓடத் தொடங்கும் என்பதும் தெளிவாக வேண்டும். தெரிந்த பையனின் சொந்த வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பி, அவர் குலதெய்வம் கோயிலுக்குப் போயிருந்தால் யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். ஹோஸ்டிங் நிறுவனம் 99.9 சதவீதம் தளம் இயங்கும் என்று உறுதி தந்திருக்கிறதே, பிறகு இது எதற்கு என்று கேட்பார்கள். முப்பது நாள் மாதத்தில் 0.1 சதவீதம் என்பது சுமார் 43 நிமிடம். அதற்கு மேல் நிற்காது என்பதுதான் அந்த உறுதி. ஆனால் அது சர்வரைப் பற்றியது மட்டுமே. நம் கடையில் அந்தச் சனிக்கிழமை சர்வர் ஒரு நொடிகூட நிற்கவில்லை. முகப்பு நன்றாகத் திறந்தது. தளம் நின்றால் எச்சரிக்கும் கருவியும் முகப்பைப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்றே சொல்லியிருக்கும். இத்தகைய பழுதைப் பிடிக்க, வாரத்துக்கு ஒருமுறை யாராவது உண்மையிலேயே ஒரு ரூபாய்ச் சோதனைப் பொருளை வாங்கிப் பார்க்க வேண்டும். பிளகின் புதுப்பித்த உடனும் அதைச் செய்ய வேண்டும். பராமரிப்புத் திட்டத்தில் நான் முதலில் தேடுவது இந்த ஒரு வரியைத்தான். அது இருந்தால் அந்த நிறுவனம் வேலை தெரிந்தவர்களுடையது.

இனி விலை. மாதம் மூவாயிரம் எப்படி வருகிறது? கணக்குக்காக ஒரு மணி நேர உழைப்பு ரூ. 600 என்று வைப்போம். புதுப்பித்தல், பேக்கப் சரிபார்த்தல், சோதனை ஆர்டர்கள் ஆகியவற்றுக்கு மாதம் மூன்று மணி நேரம். சிறு மாற்றங்களுக்கு இரண்டு மணி நேரம். ஐந்து மணி நேரம், ரூ. 3,000. நிறுவனம் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றதாக இருந்தால் 18 சதவீதம் சேர்ந்து ரூ. 3,540. இந்தக் கணக்கில் ஞாயிறு இரவு போன் எடுப்பதற்கான பணம் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒருவர் வேலை இல்லாதபோதும் போனை அருகில் வைத்துக்கொண்டு, மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும் என்றால் அந்தக் காத்திருப்புக்கு விலை உண்டு. ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் என்றால் மூன்று பேராவது முறை வைத்துப் பார்க்க வேண்டும், கட்டணம் பல மடங்காகிவிடும். சிறு நிறுவனம் இதை மூவாயிரத்துக்குத் தருவதாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

என் பரிந்துரை, ஆண்டு முழுவதும் வேலை நேரத் திட்டம், பருவத்துக்கு மட்டும் கூடுதல் காவல். இனிப்புக் கடைக்குத் தீபாவளிக்கு முந்தைய பத்து நாளும் பொங்கலுக்கு முந்தைய ஒரு வாரமும் போதும். குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருப்பவருக்குத் தீபாவளி பொருட்டல்ல, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் காலத்தின் வார இறுதிகள்தான் உயிர். பாளையங்கோட்டைப் பள்ளிக்குச் சேர்க்கை விண்ணப்பம் திறக்கும் நாட்கள். அந்த நாட்களை முன்கூட்டியே தேதி போட்டு எழுதி, அந்த நாட்களில் மட்டும் இரவு 10 மணி வரை, ஞாயிறு உட்பட, முதல் தரப் பிரச்சினைக்கு அரை மணி நேரத்தில் பதில் என்று கேளுங்கள். கூடவே அந்த நாட்களில் தளத்தில் எந்தப் புதுப்பித்தலும் கூடாது என்றும் எழுதுங்கள். பாதுகாப்புக்கு மிக அவசரமானது மட்டும் விதிவிலக்கு. நம் உதாரணத்தில் தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு, வெள்ளி இரவு அந்தப் பிளகின் தானாகப் புதுப்பித்துக்கொண்டிருக்கவே கூடாது.

கட்டணத்தில் அடங்கும் இரண்டு மணி நேர மாற்றங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எது பழுது, எது புதிய வேலை என்ற வழக்கு இதில்தான் வரும். 2025 செப்டம்பர் 22 முதல், பாக்கெட்டில் பெயரிட்டு விற்கும் மிக்சர் போன்ற கார வகைகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. கடையின் தளத்தில் அதை மாற்றியாக வேண்டும். தளம் தவறு செய்யவில்லை, எனவே இது பழுது அல்ல. கடைக்காரர் ஆசைப்பட்டுக் கேட்டதும் அல்ல. வரி விகிதம் அமைப்புகளில் ஓர் அட்டவணையாக இருந்தால் பதினைந்து நிமிட வேலை, இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். உருவாக்கியவர் 12 என்ற எண்ணை நிரலுக்குள்ளேயே பல இடங்களில் எழுதி வைத்திருந்தால் நாள் கணக்கில் ஆகும். இரண்டாவது நிலைமைக்குக் கடைக்காரர் பணம் தருவது நியாயமில்லை. மாறக்கூடிய எண்ணை அப்படிப் புதைத்தது உருவாக்கியவரின் குறை. ஆகவே சட்டத்தால் வரும் விகித மாற்றங்கள் கட்டணத்துக்குள் அடக்கம் என்று முதலிலேயே எழுதிக்கொள்வது நல்லது. பயன்படுத்தாத மணி நேரம் அடுத்த மாதத்துக்குப் போகுமா என்பதையும் கேளுங்கள். ஒரு மாதம் மட்டும் போகலாம் என்பது இருவருக்கும் பொதுவாக ஒத்துவருகிறது.

பேக்கப் பற்றி ஒரே ஒரு கேள்வி போதும்: கடைசியாக எப்போது அதிலிருந்து தளத்தை மீட்டுப் பார்த்தீர்கள்? தினமும் எடுக்கிறோம் என்பது பதில் அல்ல. திறக்கவே முடியாத பேக்கப் கோப்பு தினமும் சேர்ந்துகொண்டே இருக்கலாம்.

நிறுவனம் சொன்ன நேரத்தைத் தவறவிட்டால் என்ன? வழக்கமாக அந்த மாதக் கட்டணத்தில் ஒரு பங்கு கழிவு தருவார்கள். மூவாயிரத்தில் பத்து சதவீதம் முந்நூறு ரூபாய். ஒரு தீபாவளி ஞாயிறின் விற்பனைக்கு அது ஈடாகாது, விற்பனை இழப்பு முழுவதையும் ஈடுசெய்ய எந்தச் சிறு நிறுவனமும் ஒப்புக்கொள்ளாது. கழிவின் உண்மையான பயன், தவறுகள் கணக்கில் ஏறுவது. மாதா மாதம் ஒரு பக்க அறிக்கை கேளுங்கள்: எந்தப் புகார் எப்போது வந்தது, எப்போது பதில் சென்றது, எப்போது தீர்ந்தது. மூன்று மாத அறிக்கையைப் பார்த்தால் நிறுவனம் எப்படி என்று தெரிந்துவிடும்.

சரியில்லை என்று தெரிந்தால் வெளியேற முடிய வேண்டும், கடைக்காரரின் உண்மையான பிடி அதுதான். முப்பது நாள் முன்னறிவிப்பில் எந்தப் பக்கமும் விலகலாம் என்ற வரி இருக்கட்டும். தளத்தின் முகவரியான டொமைனும் ஹோஸ்டிங் கணக்கும் பேமென்ட் கேட்வே கணக்கும் முதல் நாளிலிருந்தே கடையின் பெயரில், கடையின் மின்னஞ்சலில் இருக்கட்டும். நிறுவனத்துக்கு அவற்றில் தனி அனுமதி கொடுத்தால் போதும். விலகும் நாளில் கடைசி பேக்கப்பையும், தளத்தின் நிர்வாகக் கடவுச்சொல்லையும், பணம் கட்டி வாங்கிய பிளகின்களின் உரிம விவரத்தையும் ஏழு நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது என்றும் எழுதி, இருவரும் கையெழுத்திட்ட பிறகு முதல் மாதப் பணத்தைக் கட்டுங்கள்.